இ.ஏ. பாரம் என்று வரும் மின்னஞ்சல்: தோட்ட அலுவலக ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் தோட்ட அலுவலகங்களிலும் மில் அலுவலகத்திலும் வேலை செய்யும் கிராணிகள், கணக்குப் பிரிவினர், ஸ்டோர் பொறுப்பாளர்கள், கிளினிக் ஊழியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சில நாள்களாக நம் அலுவலக முகவரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கிறது. தலைப்பு "Borang EA anda sudah sedia". உள்ளே மலாயில் இரண்டு வரி, கூடவே ஒரு பிடிஎஃப். அதைத் திறந்தால் நம் கம்பெனி சின்னமும் அதன் கீழே ஒரு கியூஆர் கட்டமும் இருக்கும். கைப்பேசியில் ஸ்கேன் செய்து இன்று மாலைக்குள் பாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அது ஏமாற்று. ஸ்கேன் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்து பாஸ்வேர்டும் போட்டுவிட்டவர்கள் இந்த மடலை இங்கேயே நிறுத்திவிட்டு, வட்டார அலுவலகக் கணினிப் பிரிவுக்கு உள் எண் 214இல் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்த நேரத்தில் இந்த மெயில் வருவதற்குக் காரணம் உண்டு. முதலாளி ஒவ்வோர் ஊழியருக்கும் இ.ஏ. பாரத்தை பிப்ரவரி மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்துத்தான் எல்லாரும் வருமான வரி பாரத்தை நிரப்புகிறோம். தாளில் அனுப்புகிறவர்களுக்கு ஏப்ரல் 30 கெடு, இ-ஃபைலிங்கில் போடுகிறவர்களுக்கு வழக்கமாக மே 15 வரை கிடைக்கும். ஆகவே ஆண்டின் முதல் சில மாதங்களில் "உங்கள் இ.ஏ. வந்துவிட்டது" என்று யார் எழுதினாலும் நமக்குச் சந்தேகம் வராது. எழுதியவனுக்கு அது தெரியும்.

ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த மெயில் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. இ.ஏ. பாரத்தைத் தயாரிப்பது வருமான வரி வாரியம் இல்லை, முதலாளிதான். நம் தோட்டங்களில் அதை அச்சிட்டுக் கொடுப்பவர் சம்பளக் கிராணி. பல அலுவலகங்களில் இந்த மெயிலைப் பெற்றவரே அந்தப் பாரத்தைத் தயாரித்தவர். அவருடைய சொந்தப் பாரத்தைப் பார்க்க அவர் எதற்காக வெளியே ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்?

நம் வட்டாரத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று சொன்னவரும் அவர்தான். பெயரும் தோட்டமும் இங்கே தேவையில்லை.

மாதத்தின் முதல் வாரம். சம்பளம் 7ஆம் நாளுக்குள் கையில் சேர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அந்த வாரத்தில் கிராணிமார்கள் தலை நிமிர்வதில்லை. காலைப் பெரட்டு முடிந்து செக்ரோல் புத்தகங்கள் மேசைக்கு வந்துவிட்டன. குலை எண்ணிக்கையில் ஒரு மண்டோர் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த மெயில் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். நமக்குக் குலை ஏற்றும் லோரி குத்தகைக்காரரின் அலுவலகம். பல வருடப் பழக்கம். முகவரியும் சரியாகத்தான் இருந்தது, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்த இடத்தை எல்லாரும் நன்றாகக் கவனிக்க வேண்டும். அனுப்புநர் முகவரியைப் பாருங்கள், எழுத்துப்பிழையைப் பாருங்கள் என்றுதான் இதுவரை உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். இந்த மெயில் உண்மையிலேயே லோரிக்காரரின் பெட்டியிலிருந்துதான் வந்தது. அவருடைய பாஸ்வேர்ட் அதற்கு முன்பே களவு போயிருந்தது. அவர் பெட்டியில் இருந்த முகவரிகள் எல்லாவற்றுக்கும் அது போனது. சுங்கை சிப்புட்டில் யாருக்கு யார் சரக்கு ஏற்றுகிறார்கள், யார் உரம் கொடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர் பெயரில் வரும்போது கை தானாகப் போய்விடும். ஆகவே தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதை இனிமேல் ஒரு சான்றாக எடுக்க முடியாது. லோரிக்காரர் எதற்கு நமக்கு இ.ஏ. பாரம் அனுப்புகிறார் என்ற கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி.

தங்கை தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்தார். கியூஆர் கட்டம் ஏன் என்று சிலர் கேட்டார்கள். மெயிலில் லிங்க் இருந்தால் நம் வடிகட்டி அதைப் படித்துத் தடுக்க வாய்ப்புண்டு. படத்துக்குள் மறைந்திருக்கும் லிங்க் பல வேளைகளில் தப்பிவிடும். அதோடு, அலுவலகக் கணினியில் திறந்தால் நம் பாதுகாப்பு குறுக்கே நிற்கும். சொந்தக் கைப்பேசியில், சொந்த டேட்டாவில் திறந்தால் அது எதுவும் இல்லை. கட்டத்தை வைப்பதே உங்களை அந்தக் கணினியிலிருந்து இறக்கிக் கைப்பேசிக்குக் கொண்டுபோகத்தான்.

வந்த பக்கம் அச்சு அசலாக நம் மெயிலுக்குள் நுழையும் பக்கம். கம்பெனி சின்னம், பின்னால் நாம் வைத்திருக்கும் செம்பனைத் தோட்டப் படம், எல்லாம் இருந்தன. பாஸ்வேர்ட் போட்டார். திரையில் இரண்டு இலக்க எண் வந்தது. கைப்பேசி ஆப்பில் அதே எண்ணைப் போடச் சொன்னது, போட்டார். உடனே "பாரம் காலாவதியாகிவிட்டது" என்று ஒரு வரி வந்தது. சரி, பிறகு பார்க்கலாம் என்று மறுபடி செக்ரோலுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தும் எப்படி உள்ளே போனார்கள் என்பதுதான் பலருடைய கேள்வி. அந்தப் பக்கம் வரைந்து வைத்த போலிப் பக்கம் இல்லை. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி அது வேலை செய்கிறது. நீங்கள் போடும் பாஸ்வேர்டை வாங்கி உண்மையான மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் அந்த நொடியே போடும். உண்மையான பக்கம் கேட்கும் எண்ணை உங்களுக்குத் திருப்பிக் காட்டும். அதனால்தான் நம் சின்னமும் படமும் அப்படியே வந்தன. நீங்கள் ஆப்பில் அனுமதி கொடுத்ததும் மைக்ரோசாஃப்ட் ஒரு நுழைவுச் சீட்டை அனுப்புகிறது. "இவர் சரியான ஆள், இனி மறுபடி கேட்க வேண்டாம்" என்பதற்கான சீட்டு அது. உங்கள் கணினி தினமும் பாஸ்வேர்ட் கேட்காமல் மெயிலைத் திறப்பது அதை வைத்துத்தான். நடுவில் இருப்பவன் அந்தச் சீட்டை எடுத்துக்கொள்கிறான். பிறகு அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். அந்தச் சீட்டு பல நாள் செல்லும்.

ஆகவே, ஆப்பில் எண் கேட்டது, அதனால் பக்கம் உண்மை என்று நினைக்காதீர்கள். நீங்களாக எதையும் திறக்காதபோது ஆப் அனுமதி கேட்டால் "இல்லை" என்று அழுத்துங்கள் என்று முன்பு சொன்னது இப்போதும் சரிதான். ஆனால் இந்த மெயில் விஷயத்தில் நீங்களே திறந்த பக்கத்துக்குத்தான் அனுமதி கேட்கிறது. அங்கே அந்த எச்சரிக்கை உதவாது.

உதவுவது பக்கத்தின் முகவரி மட்டும்தான். வந்த முகவரி இப்படி இருந்தது. யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று கடைசிப் பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

```
https://login.microsoftonline.com.semakan-ea.example/masuk
```

முன்னால் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் மாதிரி இருக்கிறது. ஆனால் முகவரியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இடது பக்கமாக வாருங்கள். முதலில் `example`, அதற்கு முன் `semakan-ea`. இந்த இரண்டும்தான் வீட்டுக்காரர். அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம், மைக்ரோசாஃப்ட் என்றும் எழுதலாம், மாரியம்மன் கோயில் என்றும் எழுதலாம். உண்மையான பக்கத்தில் அந்தச் சாய்கோட்டை ஒட்டி `login.microsoftonline.com` என்று முடியும், அதற்குப் பின்னால் புள்ளி போட்டு வேறு எதுவும் வராது. `.gov.my`, `.com.my` என்று முடியும் நம் நாட்டு முகவரிகளில் மட்டும் கடைசி மூன்று துண்டைப் பாருங்கள். வருமான வரி வாரியம் என்றால் `hasil.gov.my` என்று முடிய வேண்டும், சேமநிதி என்றால் `kwsp.gov.my`. கைப்பேசியில் முகவரி முழுதாகத் தெரியாமல் போகலாம், அதன்மேல் தொட்டு நகர்த்திப் பார்க்க வேண்டும். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். ஏமாற்றுப் பக்கத்துக்கும் அது கிடைக்கும்.

இதையெல்லாம் சம்பள வாரத்தில் யார் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கேட்கிறேன். மெயில் வழியாக வந்த எந்தப் பக்கமும், அது லிங்காக இருந்தாலும் கட்டமாக இருந்தாலும், பாஸ்வேர்ட் கேட்டால் அதை மூடிவிடுங்கள். பார்க்க வேண்டியது உண்மையாகவே இருந்தால் நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் போய்ப் பாருங்கள். வரி என்றால் `mytax.hasil.gov.my` என்று நீங்களே டைப் செய்யுங்கள். சம்பளம் என்றால் சம்பளக் கிராணியிடம் கேளுங்கள், அவர் இரண்டு மேசை தள்ளித்தான் இருக்கிறார். இன்னோர் அடையாளமும் உண்டு. அலுவலகக் கணினியில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு, உண்மையான பக்கத்தில் அது தானாக வந்து நிரம்பும். எப்போதும் வரும் பாஸ்வேர்ட் இன்று வரவில்லை என்றால், கையால் அடிக்கப் போகாமல் முகவரியைப் பாருங்கள். கணினி முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை.

சரி, தங்கையின் கதைக்கு வருகிறேன். அன்று அவருக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே போனவன் உடனே பணம் கேட்கவில்லை. முதலில் அவருடைய பெட்டியில் ஒரு விதி போட்டான். விதியின் பெயர் வெறும் ஒரு புள்ளி. உரக் கம்பெனியிடமிருந்து வரும் மெயில் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்து, "RSS Feeds" என்ற கோப்புறைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கோப்புறையை நம்மில் யாரும் திறந்ததே இல்லை. பிறகு பழைய கடிதங்களைப் படித்தான். உரத்துக்கான இன்வாய்ஸ் ஒன்று கட்ட வேண்டியிருந்ததைக் கண்டுபிடித்தான். தங்கை பெயரில் பெரிய கிராணிக்கு, அதே பழைய கடிதத்துக்குப் பதிலாகவே எழுதினான். உரக் கம்பெனி வங்கியை மாற்றிவிட்டது, இந்த மாதம் இந்தப் புதிய கணக்கில் போடச் சொல்கிறார்கள், கடிதத்தை இணைத்திருக்கிறேன் என்று.

பெரிய கிராணி அந்தப் பணத்தை அனுப்பவில்லை. அவர் செய்தது எளிய காரியம். ஸ்டோரில் கிடந்த பழைய டி.ஓ. ஒன்றை எடுத்து, அதில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார். வங்கியை மாற்றினீர்களா என்று கேட்டார். இல்லையே என்றார்கள். மெயிலோடு வந்த கடிதத்திலும் ஒரு போன் எண் இருந்தது. அதற்குப் போட்டிருந்தால் "ஆமாம், மாற்றிவிட்டோம்" என்று மோசடிக்காரனே பதில் சொல்லியிருப்பான். வங்கிக் கணக்கு மாறுகிறது என்று யார் எழுதினாலும், அது உள்ளிருந்தே வந்தாலும், பழைய தாளில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். நம் அலுவலகங்களில் இனி இதுதான் நடைமுறை. புதிய கணக்கு எண்ணைப் போலீஸின் `semakmule.rmp.gov.my` தளத்தில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அங்கே புகார் எதுவும் இல்லை என்றால் கணக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. நேற்றுத் திறந்த கணக்கின்மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். போனுக்கு மாற்றாக அதை எடுக்காதீர்கள்.

இப்போது, பாஸ்வேர்ட் போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது. முதல் வேலை எங்களுக்குப் போன். பாஸ்வேர்டை மாற்றுவது இரண்டாவது. பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். களவு போன சீட்டையும் ரத்து செய்ய வேண்டும், அதை நாங்கள் இங்கிருந்து எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் செய்வோம். அவன் தன் கைப்பேசியை உங்கள் கணக்கில் இரண்டாம் சரிபார்ப்புக்காகச் சேர்த்திருக்கலாம், அதை நீக்க வேண்டும். பெட்டியில் விதிகள் இருக்கிறதா, வெளி முகவரிக்குக் கடிதங்கள் போகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் யாருக்கெல்லாம் மெயில் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சீக்கிரம் கூப்பிட்டால் அவன் விதி போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடலாம். அதே பாஸ்வேர்டை வங்கிக்கோ சேமநிதிக்கோ வைத்திருந்தால், அதையும் அன்றே, வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

மெயில் மட்டும் வந்தது, எதுவும் தொடவில்லை என்றால் அவுட்லுக்கில் அதைத் தேர்ந்தெடுத்து மேலே "Report" என்பதை அழுத்தி "Report phishing" என்று அனுப்புங்கள். அது எங்களுக்கு வந்துவிடும், அதே மெயிலை மற்றவர் பெட்டிகளிலிருந்தும் நாங்கள் எடுத்துவிடலாம். இது உண்மையா என்று கேட்டு மற்றவர்களுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். கிராணிகள் புலனக் குழுவில் போன வாரம் ஒருவர் நல்ல எண்ணத்தில் இந்தப் பிடிஎஃப்பைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். படத்தில் கட்டம் தெளிவாக இருந்தது. குழுவில் யாராவது அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் அதே பக்கம் திறந்திருக்கும். படம் போட வேண்டுமென்றால் கட்டத்தை அடித்து மறைத்துவிட்டுப் போடுங்கள்.

துரைமார்களுக்கும் பெரிய கிராணிகளுக்கும் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தங்கை எங்களிடம் சொன்னது உடனே அல்ல. பெரிய கிராணி கேட்ட பிறகுதான், அதுவும் அழுதுகொண்டே. வேலை போய்விடும் என்று பயந்திருந்தார். அவர் செய்தது சம்பள வாரத்தில் யாரும் செய்யக்கூடியது, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிதும் அல்ல. போன் செய்து "நான் பாஸ்வேர்ட் போட்டுவிட்டேன்" என்று சொல்லும் ஊழியரை எல்லார் முன்னும் திட்டினால், அடுத்தவர் சொல்லவே மாட்டார். நமக்குத் தெரிய வரும்போது பணம் போயிருக்கும். தானாக வந்து சொன்னவர் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று ஒவ்வொரு தோட்டத்திலும் நீங்களே உங்கள் வாயால் ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த மாதிரி நடுவில் உட்காரும் பக்கத்தைத் தொழில்நுட்பத்தால் நிறுத்த ஒரு வழி இருக்கிறது. பாஸ்கீ என்பார்கள். கைப்பேசியிலோ ஒரு சிறிய யூஎஸ்பி சாவியிலோ இருக்கும். அது உண்மையான முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும், ஒட்டி வைத்த போலி முகவரியில் வேலையே செய்யாது. பணம் அனுப்ப அனுமதி உள்ளவர்களுக்காவது முதலில் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். கையெழுத்துக்காக உங்கள் மேசையில் இருக்கிறது.

தொடர்புக்கு: அலுவலகக் கணக்கு சம்பந்தமாக வட்டார அலுவலகக் கணினிப் பிரிவு, உள் எண் 214. அலுவலக நேரம் முடிந்த பிறகு அலுவலகக் காவலரிடம் சொன்னால் எங்களை எழுப்புவார், தயங்க வேண்டாம். உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்தோ தோட்டக் கணக்கிலிருந்தோ பணம் போய்விட்டது என்றால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் 997. அது தேசிய மோசடி நடவடிக்கை மையம், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் மறிக்கப் பார்ப்பார்கள். கூடவே உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் கூப்பிடுங்கள், அப்புறம் போலீஸ் நிலையத்தில் புகார். பணம் போகவில்லை, ஆனால் வீட்டு மெயிலுக்கும் இதே மாதிரி வருகிறது என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவுக்கு 1-300-88-2999 என்ற எண்ணிலோ `cyber999@cybersecurity.my` என்ற முகவரியிலோ தெரிவிக்கலாம்.

இந்த மடலை அச்சிட்டுப் பெரட்டுக் களத்திலும் ஸ்டோர் கதவிலும் ஒட்டும்படி ஒவ்வோர் அலுவலகத்தையும் கேட்டுக்கொள்கிறோம். இதில் லிங்க் எதுவும் இல்லை, ஸ்கேன் செய்யவும் எதுவும் இல்லை. மெயிலில் இதே மடல் கட்டத்தோடு வந்தால் அது எங்களுடையது அல்ல.

இப்படிக்கு,
வட்டார அலுவலகக் கணினிப் பிரிவு,
சுங்கை சிப்புட்